பார்த்தால்தான் சர்க்கரை

பெரியப்பா சர்க்கரை பார்ப்பதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது குவாண்டம் இயற்பியல் என்றார்.

நாங்கள் அம்மாப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரே கொல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகளில் இருக்கிறோம். பெரியப்பா தியாகராசன் எட்டு மா நிலம் வைத்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் குத்தகைக்குச் செய்கிறார். பல வருடமாகக் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். வயலில் நத்தை ஓடு கிழித்து வலது பாதத்தில் ஒரு புண் வந்திருந்தது. அது ஆறாமல் இருந்ததால்தான் பெரியம்மா அமிர்தம் என்னைக் கூப்பிட்டு, "நீ படிக்கிற பொண்ணு, நீயே என்னன்னு கேளு" என்றார்.

"பார்த்தாதான் பாப்பா அது இருக்கும்" என்றார் பெரியப்பா. "பார்க்காத வரைக்கும் ரெண்டுங்கெட்டானா கெடக்கும். சர்க்கரை இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். விரல்ல குத்தி நம்பரைப் பார்க்கிறோம் பாரு, அப்பத்தான் முடிவாவுது. நாமளே வரவழைச்சுக்கறோம்."

"யார் சொன்னது?"

"பரணிதரன். விஞ்ஞானிங்க சொன்னதுதான். அவரு சொந்தமா எதுவும் சொல்லலை."

"சோறு வெந்துச்சான்னு பார்க்கலன்னா வேகாம இருக்குமா?" என்றார் பெரியம்மா.

"சோறு வேற. இது அணு."

"சோத்துல அணு இல்லியா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். சோற்றிலும் அணு இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதை எனக்கு எதிராக மனதில் வைத்துக்கொண்டது தெரிந்தது.

பரணிதரன் பாபநாசத்துக்காரர். முன்பு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'குவாண்டம் நல முகாம்' நடத்துகிறார். பித்தளைக் குழல் ஒன்றைக் கையில் பிடித்தால், வயர் போய்ச் சேரும் லேப்டாப்பில் உடம்பு முழுக்க உள்ள கோளாறுகள் வண்ணப் படமாக வரும். பச்சை நல்லது, சிவப்பு கெட்டது. பெரியப்பாவின் கணையம் முதல் முகாமில் சிவப்பாக இருந்தது, அடுத்ததில் மஞ்சளாகியிருந்தது. வரும் ஞாயிறு பச்சையானால் இன்சுலினை நிறுத்திவிடுவது என்று இருவரும் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஊசி அதுவரைக்கும் போடலாம், விரலில் குத்திப் பார்ப்பது மட்டும் கூடாது. அது குணமாவதைக் கெடுக்கும்.

இதில் எனக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. நான் பகலில் விதைக் கடையில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் தஞ்சாவூரில் ஒரு நூலகத்தின் மாடியில் நடக்கும் அறிவியல் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். எங்கள் ஆசிரியர் மாளவிகா, ஒரு கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். குவாண்டம் பற்றிப் பொதுமக்கள் கேட்கும் கேள்விகளை ஒரு பெட்டியில் வாங்கி, ஆளுக்கு ஒரு பதில் எழுதி, ஃபிளெக்ஸ் அடித்து நூலக வாசலில் வைப்பது எங்கள் பயிற்சி. எனக்கு விழுந்த கேள்வி: 'நாம் பார்ப்பதால்தான் பொருள்கள் உண்டாகின்றனவா?'

அந்தப் பதிலை நான் எத்தனை முறை எழுதினேன் என்று சொன்னால் நன்றாக இருக்காது. முதலில் விதைக் கடைப் பழக்கத்தில் நெல் உதாரணம் போட்டேன். ஈரப்பதம் பார்க்கும் மெஷினில் நெல்லைப் போட்டுத் திருகினால் எண் வருகிறது, ஆபரேட்டர் தூங்கினாலும் வருகிறது, ஆகவே பார்ப்பதற்கு மனம் தேவையில்லை என்று எழுதியிருந்தேன்.

மாளவிகா மேடம் பென்சிலால் பாதியை அடித்தார். "மனம் வேண்டாம்ங்கிறது சரி, பூர்ணிமா. ஆனா நெல்லுல ஈரம் முன்னாடியே இருக்கு, மெஷின் அதைக் கண்டுபிடிக்குது. எலக்ட்ரான் அப்படி இல்லை. ரெண்டு துளை இருக்கிற தடுப்பு வழியா அனுப்புறோம். எந்தத் துளை வழியா போச்சுங்கிற தடயம் எங்கயும் பதியலன்னா, அதுக்கு ஒரே ஒரு வழி இருந்துச்சுன்னு சொல்லவே முடியாது. திரையில வரி வரியா பட்டைகள் விழும். துளைகிட்ட ஒரு கருவி வெச்சு வழி பதிவாயிடுச்சுன்னா அந்தப் பட்டைகள் போயிடும். நாம அந்தப் பதிவைப் படிச்சோமா, ரூமைப் பூட்டிட்டு டீ குடிக்கப் போனோமா, அது விஷயமே இல்லை."

"அப்ப பார்ப்பவர்னு ஏன் மேடம் சொல்றாங்க?"

"வார்த்தை அப்படி அமைஞ்சு போச்சு. கருவியும் பார்ப்பவர்தான், மோதிட்டுப் போற காத்து மூலக்கூறும் பார்ப்பவர்தான். மனசுக்கு இதுல பங்கு இருக்குமோன்னு ஒரு காலத்துல சில இயற்பியலாளர்கள் நெசமாவே யோசிச்சாங்க. அதை மறைக்காதீங்க. ஆனா எந்தச் சோதனையும் அதைக் கேட்கலை. அளக்கும்போது என்னதான் நடக்குதுங்கிறதுல இன்னும் விவாதம் இருக்கு, அதையும் எழுதுங்க."

எல்லாவற்றையும் எழுதினேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததாலேயே நீளமாகவும் இருந்தது.

ஃபிளெக்ஸ் கடையில் கண்ணாத்தாள் என்ற பெண் வடிவமைத்தார். எங்கள் ஊரில் காதுகுத்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் ஃபிளெக்ஸ் ஒரே இலக்கணம்தான்: முக்கியமான பெயர் மேலே பெரிதாக, 'இவண்' என்று தொடங்கும் உறவினர் பட்டியல் கீழே பொடியாக. அவர் அதே முறையில் கேள்வியைக் கையகல உயரத்தில் சிவப்பில் வைத்தார். நடுவில் ஒளிவீசும் ஒரு கண். பதில் முழுவதும் சித்தப்பா, அத்தை, மாமா வரிசை இருக்கும் இடத்தில், அந்த அளவில். சரிபார்க்க எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். நான் பதிலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒரு ஒற்று விடுபட்டிருந்தது, அதைத் திருத்தச் சொன்னேன். முழுப் படத்தையும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஃபிளெக்ஸ் வைத்த அன்று வகுப்பு நேரத்தில் பரணிதரன் நூலகத்துக்கு வந்தார். எங்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார். நல்ல சேவை என்றார். என் ஃபிளெக்ஸுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று மேல் பாதியைப் படமெடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் பெரியப்பா கொல்லைக்கு வந்து போனை நீட்டினார். முகாம் வாட்ஸப் குழுவில் சிவப்பு எழுத்தும் கண்ணும் இருந்தன. கீழே பரணிதரன், 'தஞ்சை நூலகத்திலேயே வைத்துவிட்டார்கள்' என்று எழுதிக் கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

"உங்க வகுப்புலதான் வெச்சிருக்காங்களாம்" என்றார் பெரியப்பா. குரலில் பெருமை இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பெரியப்பா, அது கேள்வி. பதில் கீழே இருக்கு. இல்லைன்னு எழுதியிருக்கேன். நான்தான் எழுதினேன்."

"கீழ பொடியா போடறதெல்லாம் கண்டிஷன்ஸ் பாப்பா. பெரிசா போடறதுதான் விஷயம்."

என் போனிலிருந்து முழுப் பதிலையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். விவாதம் இன்னும் இருக்கிறது என்ற வரி வந்ததும் கையை உயர்த்தினார். "அங்க நில்லு. விஞ்ஞானிங்களுக்கே முடிவு தெரியலைங்கற. பரணிதரனுக்குத் தெரிஞ்சிருந்தா என்ன தப்பு?"

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தார். "ஏன்டி, இந்தக் கூத்தை நிறுத்துன்னு உன்கிட்ட சொன்னா நீ சர்டிபிகேட் அடிச்சுக் குடுத்திருக்க."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அந்த வரியை எடுத்துவிட்டிருக்கலாமோ என்று யோசித்தேன். எடுத்தால் பொய் சொன்னதாகிவிடும். வைத்தால் இப்படி ஆகிறது. மறுநாள் வகுப்பில் மாளவிகா மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஃபிளெக்ஸைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "அந்த ஆளுக்கு நான் விளம்பரம் குடுத்திருந்தாகூட இவ்வளவு நல்லா வந்திருக்காது" என்றார்.

பிறகு உட்கார்ந்து கேட்டார். "உங்க பெரியப்பா எலக்ட்ரானைப் பத்தியா முடிவு எடுக்கப் போறார்?"

"இல்லை. ஊசியைப் பத்தி."

"அப்ப நீங்க ஏன் எலக்ட்ரான்கிட்ட நிக்கறீங்க? உடம்பு சூடானது, ஈரமானது, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருக்கு. சர்க்கரை மாதிரி ஒரு சமாசாரம் இருக்குமா இருக்காதான்னு அங்க தொங்கிக்கிட்டு நிக்க முடியாது. ஆனா அது அவருக்கு ஒண்ணும் செய்யாது. ஆஸ்பத்திரி ஸ்கேன்லகூட குவாண்டம் இருக்கேன்னு அந்த ஆள் சொல்வாரு, அது உண்மையும்கூட. எம்.ஆர்.ஐ. முழுக்க முழுக்க குவாண்டம்தான். வித்தியாசம் பேர்ல இல்லை. தப்பா இருந்தா தப்புன்னு காட்டிக் குடுக்கிற சோதனையைத் தாண்டி அது வந்திருக்கு. இந்தக் குழலை யாராவது அப்படிச் சோதிச்சாங்களா?"

பஸ்ஸில் வரும்போதுதான் கொள்முதல் நிலையம் நினைவுக்கு வந்தது. சம்பா அறுவடை முடிந்து நெல்லெல்லாம் அங்கே குவிந்திருக்கிறது. ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மெஷின்மேல் சந்தேகம் வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே குவியலில் இரண்டு படி அள்ளி, ஒன்றைத் தன் பெயரிலும் இன்னொன்றைப் பக்கத்து வயல்காரர் பெயரிலும் கொடுப்பார்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றானால் மெஷின் சரி. ஒன்றாகாவிட்டால் ஆபரேட்டர் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட முடியாது. பெரியப்பா இதில் பேர் போனவர். அவரும் பக்கத்து வயல் குஞ்சிதபாதமும் சேர்ந்து போனால் ஆபரேட்டர் எழுந்து நின்றுவிடுவார்.

சனிக்கிழமை அவரிடம் கேட்டேன். "பெரியப்பா, ஒரே நெல்லை உங்க பேர்ல ஒரு தடவை, குஞ்சிதபாதம் மாமா பேர்ல ஒரு தடவை வெச்சா மெஷின் என்ன காட்டணும்?"

"ஒரே நம்பர். அரை முன்ன பின்ன போகலாம்."

"மெஷினுக்குப் பேர் தெரியுமா?"

"அதுக்கெதுக்குப் பேரு? அதுக்கு நெல்லு போதும்."

"பரணிதரன் சார் மெஷின்?"

பெரியப்பா பாதத்துக் கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். பிறகு, "அது சரியாத்தான் காட்டும். வேணும்னா நாளைக்கு வா, காட்டறேன்" என்றார். என்னைத் தோற்கடிக்கத்தான் கிளம்பினார். அதனால்தான் கிளம்பினார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். வாசலில் பெயர், வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று கேட்டு டோக்கன் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்கும் ஒன்று வாங்கினோம். லேப்டாப்பின் முன்னால் இருந்த பையன் தலை நிமிராமல் பெயரைக் கூப்பிட்டான், குழலை நீட்டினான், திரையைப் பார்த்தான். எதிரே இரண்டு நாற்காலி. இருவரும் சேர்ந்தே போய் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன்.

"தியாகராசன், அறுபத்து ரெண்டு" என்றான் பையன். பெரியம்மா முந்தானைக்குள்ளிருந்து கையை நீட்டிக் குழலைப் பிடித்தார்.

"அமிர்தம், அம்பத்தஞ்சு" என்றான். பெரியப்பா பிடித்தார். பிடித்திருந்த நேரம் முழுக்க அவர் முகம், கொள்முதல் நிலையத்தில் தராசு ஆடும்போது இருக்கும் முகமாக இருந்தது.

இரண்டு அறிக்கையும் பிரிண்ட் ஆகி வந்தன. தியாகராசன் அறிக்கையில் கணையம் பச்சை. புராஸ்டேட் லேசான மஞ்சள். பெரியம்மாவின் கை கொடுத்த அறிக்கை அது. அமிர்தம் அறிக்கையைப் பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பாதிக்குமேல் போய் நிறுத்தினார்.

"என்னங்க?" என்றார் பெரியம்மா.

"எனக்குக் கர்ப்பப்பை பலவீனமா இருக்காம்."

"சர்க்கரை?"

அவர் மறுபடியும் பார்த்தார். "சர்க்கரையே இல்லை. கணையம் முழுப் பச்சை."

பெரியம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு அதை எடுத்தே பத்து வருஷமாச்சு. நல்லவேளை, உங்ககிட்ட பத்திரமா இருக்கு" என்றார்.

பெரியப்பா எழுந்து நேராகப் பரணிதரனிடம் போனார். சத்தம் போடவில்லை. நடந்ததைச் சொன்னார். பரணிதரன் கோபப்படவும் இல்லை. அன்பாகப் பெரியப்பாவின் தோளைத் தொட்டார்.

"ஐயா, இது ஆச்சரியமே இல்லை. நீங்க முப்பது வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழ்றவங்க. உங்க ரெண்டு பேர் அலையும் பின்னிக்கிட்டிருக்கு. குவாண்டம்ல பின்னல்னே சொல்லுவாங்க. அவங்களைத் தொட்டா உங்களுக்கு வரும், உங்களைத் தொட்டா அவங்களுக்கு வரும். பாப்பாவைக் கேளுங்க, வகுப்புல சொல்லியிருப்பாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பின்னல் என்று ஒன்று இருக்கிறது, இரண்டு துகள்களை ஆய்வகத்தில் மிகவும் கவனமாக அந்த நிலையில் வைக்கிறார்கள், கணவன் மனைவிக்கு அது பொருந்தாது, அதை வைத்துச் செய்தியோ சிகிச்சையோ எதையும் அனுப்ப முடியாது என்று சொன்னேன். வேகமாகச் சொன்னேன். பாதி சரியாகக் காதில் விழுந்திருக்காது.

பெரியப்பா யோசித்தார்.

"அப்ப அவ விரதம் இருந்தா எனக்குப் பசிக்கணும்" என்றார்.

"ஐயா, அது வந்து..."

"அவ வெள்ளிக்கிழமைதோறும் இருக்கா. நான் அன்னைக்கு நல்லா சாப்பிடறேன்."

பரணிதரன் சிரித்தார். அடுத்த முகாமில் மெஷினை அளவு திருத்திவிட்டு இலவசமாகப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். பெரியப்பா இரண்டு அறிக்கையையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில், "நெல்லையே பார்க்காம பதினேழு போடறான்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, பீரோவிலிருந்து சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து வரச் சொன்னார். பெரியம்மா ஓடிப்போய் எடுத்து வந்தார். அவர் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேரே கேக்கலையே" என்றார்.

"கேக்காது பெரியப்பா."

"வயசு? ஆம்பளையா பொம்பளையான்னு?"

"ரத்தம் மட்டும்தான்."

தலையாட்டினார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். பரணிதரன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தாலும் அது கெடக்கூடாது, ஆகவே யாரும் பார்க்கக் கூடாது. ஸ்ட்ரிப்பைச் சொருகி, விரலில் குத்தி, ரத்தத்தை வைத்ததும் மெஷினை மேசைமேல் கவிழ்த்துவிட வேண்டும். அப்படியே செய்தோம். மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவரில் ஒரு உரக் கம்பெனி காலண்டர் இருந்தது. பின்னால் மெஷின் கூவியது. யாரும் திரும்பவில்லை. மெஷின் தானாக அணைந்துபோகும் வரை நின்றோம்.

"போச்சு" என்றார் பெரியப்பா. "யாரும் பார்க்கலை. நம்பர் இல்லை."

நான் பொத்தானை அழுத்தி முந்தைய பதிவைக் கொண்டுவந்தேன். முன்னூற்று இருபத்தாறு. நேரமும் போட்டிருந்தது, நாங்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

பெரியப்பா மெஷினை வாங்கித் தேதியையும் நேரத்தையும் சரிபார்த்தார். பிறகு தன் வழக்கப்படி இன்னொரு விரலை நீட்டினார். இரண்டாவது தடவை முன்னூற்றுப் பத்தொன்பது.

"ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். மெஷின் சரி என்று அர்த்தம்.

அன்று இரவு ஊசியை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை பெரியம்மா அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, புண்ணில் சீழ் வைத்திருக்கிறது, சர்க்கரை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம், இது இன்னும் கொஞ்சம் போயிருந்தால் விரலை எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றார். மருந்து கொடுத்தார், இன்சுலின் அளவைக் கூட்டினார், தினமும் பார்த்து எழுதி வரச் சொன்னார். நிறுத்தலாமா என்று பெரியப்பா கேட்கவில்லை. பெரியம்மா அதை மட்டும் இரண்டு தடவை எனக்குச் சொன்னார்.

காலண்டர் சம்பவத்தை என் பதிலில் சேர்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போனேன். மாளவிகா மேடம் படித்துச் சிரித்தார், பிறகு அடித்தார். "இது எலக்ட்ரானுக்கு நிரூபணம் இல்லை, பூர்ணிமா. சர்க்கரை நெல்லு ஈரம் மாதிரிதான், முன்னாடியே இருந்துச்சு. உங்க பெரியப்பாவுக்கு அது போதும். ஃபிளெக்ஸுக்குப் போதாது." அவர் சொன்னது சரி. நான் வரும் வழியிலேயே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனாலும் கொடுத்துப் பார்த்தேன்.

புது ஃபிளெக்ஸில் பதிலின் முதல் வரியைப் பெரிதாக வைக்கச் சொன்னேன்: 'கருவி பதிவு செய்தால் போதும், மனம் தேவையில்லை.' கேள்வி கீழே, பொடியாக. கண்ணாத்தாளுக்கு இது பிடிக்கவில்லை.

"கண்ணை எங்க வைக்கறது?" என்றார்.

"கண் வேண்டாம்."

"கண் இல்லாம எவன் நின்னு பார்ப்பான்?"

மூலையில் சின்னதாக ஒரு கருவிப் படம் போட்டோம். முழுப் படத்தையும் தள்ளி வைத்து ஒரு தடவை பார்த்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைப் பிறகுதான் கவனித்தேன்.

பெரியப்பா இப்போது தினமும் காலையில் சர்க்கரை பார்க்கிறார். குத்தும்போது மட்டும் இன்னும் காலண்டர் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பழக்கமாகிவிட்டது என்கிறார். மெஷின் கூவியதும் பெரியம்மா கொல்லைக்கே கேட்கும்படி எண்ணைப் படிக்கிறார். நான் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு நூற்றறுபத்து நாலு.